வெளிநாடு போகும் டெஸ்டரின் விலகல் மின்னஞ்சல்

நாகர்கோவிலில் ஒரு சிறிய மென்பொருள் நிறுவனத்தில் 4 ஆண்டுகளாக டெஸ்டராக இருக்கிறேன். ரப்பர் பால் கொள்முதல் செய்பவர்களுக்கான கணக்கு மென்பொருள்தான் எங்கள் தயாரிப்பு. கணவர் அயர்லாந்தில் நர்ஸ். எனக்கும் விசா வந்துவிட்டது. 2026 மார்ச் 2 அன்று விலகல் மின்னஞ்சல் அனுப்பப் போகிறேன். நோட்டீஸ் 60 நாள். மேலாளர் நல்ல மனிதர். ஒருமுறை வெளியீட்டுக்கு முந்தைய நாள் நான் வேண்டாம் என்று சொன்னபோது, என் பேச்சை நம்பி வாடிக்கையாளர்களிடம் அவரே பேசித் தேதியைத் தள்ளிவைத்தார். எங்களுக்குள் தமிழில்தான் எழுதிக்கொள்வோம். அவருக்கு நன்றி சொல்ல வேண்டும், பொறுப்புகளை ஒப்படைத்துவிட்டுத்தான் போவேன் என்றும் சொல்ல வேண்டும். 'ஹேண்ட் ஓவர் செய்து தருகிறேன்' என்று ஒரு வரி எழுதினால் போதுமா?

போதாது. புரோகிராமர் ஒருவர் போனால் அவர் எழுதிய நிரலாவது கண்முன் இருக்கும். தட்டுத் தடுமாறியாவது அடுத்தவர் வாசித்துக்கொள்வார். டெஸ்டர் போகும்போது கூடவே போய்விடுவது வேறு வகை அறிவு. எந்தச் சோதனை காரணமில்லாமல் வாரத்துக்கு ஒருமுறை தோற்கும், எது தோற்றால் எல்லாவற்றையும் அங்கேயே நிறுத்த வேண்டும், எந்தப் பிழையைத் தெரிந்தே விட்டுவைத்திருக்கிறோம் என்பதெல்லாம் பெரும்பாலும் எங்கும் எழுதப்பட்டிருக்காது. இவற்றை யாரிடம், எந்தத் தேதிக்குள், எந்த வடிவில் தருவீர்கள் என்று மின்னஞ்சல் சொன்னால்தான் மேலாளருக்கு அதனால் பயன்.

எழுதுவதற்கு முன் அவரிடம் நேரில் பேசிவிடுங்கள். உங்கள் சொல்லை நம்பி வாடிக்கையாளரிடம் போன மனிதர் அவர். செய்தி திரையில் முதலில் தெரியக்கூடாது. காலையில் பேசுங்கள், அன்றே மதியத்துக்குள் மின்னஞ்சலை அனுப்புங்கள். நோட்டீஸ் நாள்கள் பெரும்பாலும் எழுத்தில் தந்த தேதியிலிருந்துதான் எண்ணப்படும்.

அந்த எண்ணிக்கையில் உங்களுக்கு ஒரு சிக்கல் இருக்கிறது. மார்ச் 2-ஐயே முதல் நாளாக எண்ணினால் 60-ஆவது நாள் ஏப்ரல் 30, வியாழக்கிழமை. மறுநாளிலிருந்து எண்ணினால் மே 1, வெள்ளி. அது மே தின விடுமுறை. அதற்கடுத்து சனி, ஞாயிறு. மே 1 என்று எழுதிவிட்டால், கணினியைத் திருப்பித் தரவும் கையெழுத்து வாங்கவும் திங்கள் வரை காத்திருக்க வேண்டி வரலாம். விமான டிக்கெட் எடுத்திருப்பவருக்கு இந்த மூன்று நாள் சாதாரணமில்லை. பணி ஒப்பந்தத்தில் எப்படி எண்ண வேண்டும் என்று இருக்கிறதா என்று பாருங்கள். ஒன்றும் சொல்லாவிட்டால் ஏப்ரல் 30 என்று தேதியைக் குறித்து, உறுதிப்படுத்தச் சொல்லி எழுதுங்கள். "60 நாள் கழித்து" என்று மட்டும் எழுதிவிடாதீர்கள்.

இன்னொன்றையும் கவனியுங்கள். 60 நாள் என்று கேட்க நீளமாக இருக்கிறது. சனி ஞாயிறைக் கழித்து, புனித வெள்ளியையும் சித்திரை விசுவையும் கழித்தால் கையில் நிற்பது 40 வேலை நாளை ஒட்டித்தான். மண்டைக்காடு கொடைக்கும், வீட்டைக் காலி செய்யவும், உறவினர்களைப் பார்க்கவும் எடுக்கும் விடுப்பையும் கழித்துப் பாருங்கள். ஆகவே ஒப்படைப்பைக் கடைசி இரண்டு வாரத்துக்கு வைக்க முடியாது. முதல் வாரத்திலேயே தொடங்கியாக வேண்டும்.

நானாக இருந்தால் இப்படி எழுதுவேன்:

பொருள்: பணி விலகல் – கடைசி வேலை நாள் 2026 ஏப்ரல் 30

வணக்கம் சார்,

இன்று காலை நேரில் சொன்னதை முறைப்படி எழுதுகிறேன். அயர்லாந்தில் கணவருடன் குடியேற இருப்பதால் டெஸ்டர் பணியிலிருந்து விலகுகிறேன். இன்றிலிருந்து 60 நாள் நோட்டீஸ் காலத்தைக் கணக்கிட்டால் ஏப்ரல் 30, வியாழக்கிழமை என் கடைசி வேலை நாளாக வருகிறது. இந்தத் தேதியை உறுதிப்படுத்தித் தர வேண்டுகிறேன்.

வெளியீட்டுக்கு முந்தைய நாள் நான் வேண்டாம் என்று சொன்னபோது, நீங்கள் என் பேச்சை நம்பி வாடிக்கையாளர்களிடம் நீங்களே பேசித் தேதியைத் தள்ளிவைத்தீர்கள். கண்டதைத் தயங்காமல் சொல்லலாம் என்ற தைரியம் எனக்கு அன்றுதான் வந்தது. இந்த நான்கு ஆண்டில் நான் செய்த வேலைக்கெல்லாம் அந்த நாள்தான் அடித்தளம். அதற்கு உங்களுக்கு என் மனமார்ந்த நன்றி.

என் பொறுப்புகளை இப்படி ஒப்படைக்க நினைத்திருக்கிறேன். என் பெயரில் இருக்கும் கணக்குகள், சோதனைகள், சோதனைப் போன்கள், முடிக்கப்படாத பிழைகள் எல்லாவற்றையும் ஒரே பட்டியலாக மார்ச் 13-க்குள் உங்களுக்குத் தருகிறேன். பொறுப்பேற்பவர் யார் என்று மார்ச் 20-க்குள் நீங்கள் சொன்னால், மாத இறுதி வெளியீட்டுக்கான முழுச் சோதனையை அவர் என்னருகில் இருந்து பார்க்கலாம். ஏப்ரல் வெளியீட்டின் சோதனையை அவரே நடத்தட்டும். நான் பக்கத்தில் இருப்பேன். எழுத்துக் குறிப்புகளை ஏப்ரல் 24-க்குள் முடித்துவிடுவேன். கடைசி வாரத்தில் எனக்குப் புதிய வேலை தராமல் இருந்தால், விட்டுப்போன கேள்விகளுக்கு அந்த நாள்கள் உதவும்.

விலகிய பிறகும் மே 15 வரை, வாரத்துக்கு ஒருமுறை அரை மணி நேரம் போனில் சந்தேகங்களுக்குப் பதில் சொல்ல முடியும். நிறுவனத்தின் கணக்குகளை ஏப்ரல் 30-க்குப் பிறகு நான் பயன்படுத்த மாட்டேன்.

பணி விடுவிப்புக் கடிதம், அனுபவச் சான்றிதழ் ஆகியவற்றுக்கான நடைமுறையைத் தெரிவிக்க வேண்டுகிறேன். என் தனிப்பட்ட மின்னஞ்சல் முகவரியும் அயர்லாந்து போன பிறகும் இயங்கும் இந்தியப் போன் எண்ணும் கீழே இருக்கின்றன.

அன்புடன்,

இவ்வளவுதான். சில இடங்களை ஏன் அப்படி எழுதினேன் என்று சொல்கிறேன். விலகும் காரணம் ஒரே வாக்கியத்தில் முடிகிறது. சம்பளம், பதவி உயர்வு பற்றி மனத்தில் எது இருந்தாலும் அது இந்த மின்னஞ்சலில் வேண்டாம். இது கோப்பில் கிடக்கப் போகும் காகிதம். நன்றி ஒரே சம்பவத்தைப் பற்றியது. "வழிகாட்டலுக்கும் ஆதரவுக்கும் நன்றி" என்று எழுதினால் அதை எந்த மேலாளருக்கும் அனுப்பலாம், அதனாலேயே அவர் அதை இரண்டாம் முறை வாசிக்க மாட்டார். டெஸ்டரின் "வேண்டாம்" என்ற சொல்லுக்காக வாடிக்கையாளரின் கோபத்தைத் தாங்கிக்கொள்ளும் மேலாளர்கள் குறைவு. அதை நீங்கள் மறக்கவில்லை என்று அவர் தெரிந்துகொள்ளட்டும்.

பட்டியலை யாரும் கேட்காமலே நீங்களாக முன்கூட்டித் தருகிறீர்கள் அல்லவா, அதுதான் இந்த மின்னஞ்சலின் முதுகெலும்பு. அதில் என்ன இருக்க வேண்டும் என்பதை நான் பட்டுத் தெரிந்துகொண்டேன்.

குழித்துறையிலிருந்து தினமும் ரயிலில் திருவனந்தபுரம் போய் வந்த காலத்தில் நான் இருந்த ஒரு நிறுவனத்தில், எங்கள் குழுவின் மூத்த டெஸ்டர் விலகினார். 40 பக்கத்துக்குக் குறிப்பு எழுதி வைத்துவிட்டுத்தான் போனார். கடைசி நாள் மாலை அவருடைய கணக்கை வழக்கம்போல முடக்கினார்கள். இரவுதோறும் தானாக ஓடும் சோதனைகள் அவர் பெயரில் எடுத்த டோக்கனை வைத்துத்தான் நிரலை இறக்கிக்கொண்டிருந்தன என்பது யாருக்கும் தெரியாது. அன்றிரவே ஓட்டம் நின்றுவிட்டது. அறிக்கைப் பக்கம் மட்டும் பச்சையாகவே இருந்தது. கடைசியாக ஓடிய இரவின் முடிவை அது காட்டிக்கொண்டிருந்தது. காலையில் வந்ததும் பச்சையைப் பார்த்துவிட்டு நானும் வேலையைத் தொடங்கிவிடுவேன். பக்கத்தின் ஓரத்தில் சின்ன எழுத்தில் இருந்த தேதியை 11 நாள் நான் பார்க்கவில்லை. அதற்குள் ஒரு பிழை வாடிக்கையாளர் வரை போய்விட்டது. அந்த 40 பக்கத்தில் எல்லாச் சோதனையும் எப்படி ஓடும் என்று இருந்தது. யார் பெயரில் ஓடுகிறது என்பது இல்லை.

ஆகவே உங்கள் பட்டியலின் முதல் கேள்வி, "என் பெயரில் என்னவெல்லாம் இருக்கிறது?" என்பதாகட்டும். பிழைகளைப் பதிந்துவைக்க ஜிரா பயன்படுத்துகிறீர்கள் என்றால் தேடல் பெட்டியில் இதைப் போடுங்கள்:

```
(reporter = currentUser() OR assignee = currentUser()) AND statusCategory != Done ORDER BY updated ASC
```

நீங்கள் பதிந்ததும் உங்களிடம் இருப்பதுமாக, முடியாத எல்லாமே பழையதிலிருந்து வரிசையாக வரும். பழையவை மேலே வருவது நல்லது. யாரும் தொடாமல் கிடப்பவைதான் நீங்கள் போனதும் அனாதையாகிவிடும். நீங்கள் உருவாக்கி மற்றவர்களும் பயன்படுத்தும் தேடல்களின் உரிமையை அப்போதே வேறொருவருக்கு மாற்றிவிடுங்கள்.

தானியங்கிச் சோதனைகளின் நிரல் கிட் களஞ்சியத்தில் இருந்தால், அந்தக் கோப்புறையில் நின்று உங்கள் பயனர் பெயரைத் தேடுங்கள். மேற்கோளுக்குள் இருப்பதை உங்கள் பெயராக மாற்றிக்கொள்ளுங்கள்:

```
git grep -n -i "username"
```

உங்கள் கணினியின் கோப்புறைப் பாதை, உங்கள் மின்னஞ்சல், அறிக்கை போகும் முகவரி ஆகியவை சோதனைகளுக்குள் அப்படியே எழுதப்பட்டிருந்தால் வரி எண்ணோடு வரும். "என் கணினியில் ஓடுகிறது, அவர் கணினியில் ஓடவில்லை" என்ற தகராறுகளில் பலவற்றுக்கு வேர் இங்கேதான் இருக்கும். கடவுச்சொற்களை மட்டும் பட்டியலிலோ மின்னஞ்சலிலோ எழுதவே வேண்டாம். எந்தக் கணக்கு, இப்போது யார் கையில், இனி யார் கையில் என்பது போதும். கடவுச்சொல்லை நிர்வாகி மாற்றித் தரட்டும்.

சோதனைப் போன்களை மறந்துவிடாதீர்கள். சிறிய நிறுவனங்களில் அவசரத்துக்கு நம் சொந்த ஜிமெயில் கணக்கைப் போட்டுத்தான் போனைத் தொடங்கியிருப்போம். அந்தக் கணக்கை நீக்காமலே பின்னால் ஒருவர் ரிக்கவரி வழியாகப் போனை அழித்தால், ஆண்ட்ராய்டு பழைய கணக்கின் கடவுச்சொல்லைக் கேட்டு நின்றுவிடும். அயர்லாந்தில் இருக்கும் உங்களைக் கூப்பிடுவதைத் தவிர அவர்களுக்கு வழியிருக்காது. அமைப்புகளுக்குள் போய் முதலில் கணக்கை நீக்கிவிட்டு, அங்கிருந்தே போனை அழித்து ஒப்படையுங்கள். ஓ.டி.பி. சோதனைக்கு உங்கள் சொந்த எண்ணைக் கொடுத்திருந்தால் அதையும் இப்போதே மாற்றிவிடுங்கள்.

பட்டியலின் இன்னொரு பாதி, தெரிந்தே விட்டுவைத்த பிழைகள். உங்கள் துறையிலிருந்தே ஓர் உதாரணம் சொல்கிறேன். ஒரு விவசாயி 86 கிலோ ரப்பர் பால் கொண்டுவருகிறார். பாலில் உலர்ந்த ரப்பரின் பங்கைச் சொல்லும் டி.ஆர்.சி. 34.5 சதவீதம். உலர்ந்த ரப்பர் 29.67 கிலோ, அதற்குத்தான் விலை. மென்பொருள் கணக்கைச் சரியாகப் போடுகிறது, அச்சிடும் ரசீதில் மட்டும் 34.5 என்பதை 35 என்று முழுமையாக்கிக் காட்டுகிறது என்று வையுங்கள். பணம் சரியாக இருப்பதால் "பிறகு பார்க்கலாம்" என்று முடிவு செய்திருப்பீர்கள். நியாயமான முடிவுதான். உங்களுக்குப் பின் வருபவர் அந்த ரசீதைப் பார்த்தால் இரண்டில் ஒன்று நடக்கும். புதிய பிழை என்று நினைத்து வெளியீட்டை நிறுத்துவார். அல்லது "இது பழசு" என்று யாரோ சொன்னதைக் கேட்டு, அந்த முழுமையாக்கல் கணக்குக்குள்ளேயே புகுந்துவிட்ட நாளிலும் கடந்துபோவார். 35 என்று வைத்துக் கணக்கிட்டால் 30.10 கிலோ வரும். ஒரு ரசீதுக்கு 430 கிராம் வித்தியாசம். கொள்முதல் செய்பவரின் பணம் அது.

ஆகவே இப்படிப்பட்ட ஒவ்வொரு பிழைக்கும் நான்கு செய்தி எழுதுங்கள்: பிழை எப்படி வெளிப்படும், ஏன் விட்டோம், யார் முடிவு செய்தது, என்ன நடந்தால் இனி விடக்கூடாது. நான்காவதைத்தான் எல்லோரும் எழுத மறக்கிறார்கள். மேலே உள்ள உதாரணத்துக்கு அது, "86 கிலோ, 34.5 என்று பதிந்தால் உலர் எடை 29.67 வராவிட்டால் வெளியீட்டை நிறுத்து" என்ற ஒரு வாக்கியம். காரணமில்லாமல் தோற்கும் சோதனைகளுக்கும் இதே முறைதான். "இரண்டாம் முறை ஓடவிட்டால் சரியாகிவிடும்" என்று மட்டும் எழுதினால், எல்லாவற்றையும் இரண்டாம் முறை ஓட்டும் பழக்கத்தைத்தான் விட்டுப்போகிறீர்கள்.

மின்னஞ்சலில் இரண்டு வெளியீடுகளைக் குறிப்பிட்டதற்கும் காரணம் உண்டு. முதல் முறை அவர் பார்ப்பார், நீங்கள் செய்வீர்கள். இரண்டாம் முறை அவர் கை விசைப்பலகையில் இருக்க வேண்டும், உங்கள் கை மடியில் இருக்க வேண்டும். இது சொல்வதுபோல் எளிதில்லை; அவர் தவறான மெனுவைத் திறக்கும்போது வாய் தானாகத் திறக்கும். பொறுத்துக்கொள்ளுங்கள். அவர் எங்கெல்லாம் நின்று உங்களைத் திரும்பிப் பார்க்கிறாரோ, அங்கெல்லாம் உங்கள் குறிப்பில் ஓட்டை இருக்கிறது. அந்த இடங்களைக் குறித்துக்கொண்டு அன்று மாலையே எழுதிச் சேருங்கள். ஏப்ரல் 24 என்ற தேதியை அதற்குப் பிறகு வைத்தது இதனால்தான். பொறுப்பேற்பவரை மேலாளர் மார்ச் 20-க்குள் சொல்லாவிட்டால் சும்மா இருக்காதீர்கள். திங்களன்று அதே மின்னஞ்சலுக்குப் பதிலாக ஒரு வரி நினைவூட்டல் அனுப்புங்கள்.

விலகிய பின் தரும் உதவிக்கு மே 15 என்று எல்லை வைத்தேன். "எப்போது வேண்டுமானாலும் கூப்பிடுங்கள்" என்று எழுதத் தோன்றும், நல்ல மேலாளர் என்றால் இன்னும் தோன்றும். எழுத வேண்டாம். மே மாதத்தில் அயர்லாந்து நமக்கு நாலரை மணி நேரம் பின்னால் இருக்கும். இங்கே காலை 10 மணிக்கு ஒரு சந்தேகம் எழுந்தால் அங்கே விடியற்காலை ஐந்தரை. அதைவிட முக்கியம், விலகிய பிறகு பழைய நிறுவனத்தின் கணக்கில் உள்ளே போவது நன்மைக்கே என்றாலும் பின்னால் உங்களைத்தான் சிக்கலில் விடும். அங்கே புதிய வேலை கிடைத்துவிட்டால் அந்த ஒப்பந்தமும் இதற்கு இடம் தராமல் போகலாம். பேச்சில் பதில் சொல்லுங்கள், கை வைக்காதீர்கள்.

காகிதங்களைப் பற்றி மூன்று செய்திகள். அனுபவச் சான்றிதழில் பதவியும் தேதியும் மட்டும் இருந்தால் வெளிநாட்டில் அது பெரிதாகப் பேசாது. என்ன வேலை செய்தீர்கள், வாரத்துக்கு எத்தனை மணி நேரம் என்பதும் நிறுவனத்தின் கடிதத்தாளில் இருக்கட்டும். இங்கே இருக்கும்போது அரை நாளில் கிடைப்பது அங்கிருந்து கேட்டால் மாதக்கணக்கில் இழுக்கும். அடுத்து, வருங்கால வைப்புநிதிக் கணக்கில் நீங்கள் விலகிய தேதி பதிவாக வேண்டும். ஆதாரோடு இணைந்த போன் எண்ணுக்குத்தான் ஓ.டி.பி. வரும் என்பதால் அந்த சிம்மை ரீசார்ஜ் செய்து உயிரோடு வைத்திருங்கள். மூன்றாவது, ஏப்ரல் சம்பளம் புதிய நிதியாண்டில் விழுகிறது. அதற்கான வரிப் பிடித்தச் சான்றிதழ் அடுத்த ஆண்டு, 2027 ஜூன் வாக்கில்தான் வரும். அப்போது நிறுவன மின்னஞ்சல் உங்களுக்கு இருக்காது. தனிப்பட்ட முகவரியைக் கடிதத்திலேயே தந்தது அதற்காகத்தான்.

கடைசியாக, ஒப்படைப்பு சரியாக நடந்ததா என்பதையும் சோதித்துவிட்டே புறப்படுங்கள். ஏப்ரல் 28, செவ்வாய் மாலை, உங்கள் கணக்கையும் டோக்கன்களையும் ஓர் இரவு மட்டும் முடக்கிவைக்கும்படி நிர்வாகியிடம் கேளுங்கள். மேலாளரிடம் முன்பே சொல்லிவிடுங்கள், மறுப்பார் என்று தோன்றவில்லை. புதன் காலை பொறுப்பேற்றவரையே அறிக்கைப் பக்கத்தைத் திறக்கச் சொல்லுங்கள். நிறத்தைப் பார்க்க வேண்டாம், ஓரத்தில் இருக்கும் தேதியைப் பாருங்கள். முந்தைய இரவின் தேதி இல்லையென்றால், எது இன்னும் உங்கள் பெயரில் ஓடுகிறது என்று தேடிப் பிடிக்க உங்களுக்கு இரண்டு வேலை நாள் மிச்சம் இருக்கும்.